ஒரே நிரலில் 7.9-உம் 142-உம்: சீனி அளவுக்குக் குறி போடுமுன் அலகைத் தீர்ப்பது எப்படி

நீரிழிவு கிளினிக் கொப்பிகளைப் பார்த்து எக்செல் தாளில் ஏற்றும் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் தாதியாக இருக்கலாம், அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கலாம், ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவராக இருக்கலாம். வேலை ஒன்றுதான். சாப்பிடாமல் எடுத்த இரத்தச் சீனி அளவுகள் ஒரு நிரலில் வரிசையாக இறங்குகின்றன: 142, 7.9, 96, 5.3, 14.2. அவற்றில் கூடியவற்றுக்கும் குறைந்தவற்றுக்கும் குறி போட்டுத் தரும்படி கேட்கிறார்கள்.

அந்த ஐந்து எண்களும் ஒரே அளவுகோலில் எழுதப்பட்டவை அல்ல. 142-உம் 96-உம் மில்லிகிராம் கணக்கு. அறிக்கையில் அது mg/dL என்று இருக்கும். ஒரு டெசிலீற்றரில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோசு என்ற எடைக் கணக்கு. 7.9, 5.3, 14.2 மூன்றும் மில்லிமோல் கணக்கு. அறிக்கையில் mmol/L என்று இருக்கும். ஒரு லீற்றரில் எவ்வளவு மூலக்கூறு என்ற எண்ணிக்கைக் கணக்கு. குளுக்கோசின் மூலர்த் திணிவு 180.16 என்பதால், 1 mmol/L குளுக்கோசு 18.016 mg/dL ஆகிறது. அதனால் 7.9-உம் 142-உம் ஒரே சீனி அளவு. இரண்டு பேரும் ஒரே நிலையில் இருக்கிறார்கள்.

இதைக் கவனிக்காமல் குறி போட்டால் என்ன நடக்கும்? வழக்கமாகப் போடும் விதி இதுதான்: 126-உம் அதற்கு மேலும் என்றால் கூடுதல், 70-க்குக் கீழே என்றால் குறைவு. அந்த விதியிடம் 14.2-ஐக் கொடுத்தால், 70-க்குக் கீழே என்று பார்த்துக் ‘குறைவு’ என்று எழுதிவிடும். உண்மையில் அது ஏறக்குறைய 256. மருந்தைக் கூட்டிப் பார்க்க வேண்டிய ஒருவரிடம், சீனி இறங்கிவிட்டது, இனிப்பாக ஏதாவது குடியுங்கள் என்று சொல்லும் நிலை வரும். கூடுதலுக்கு மட்டும் விதி வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்போது மில்லிமோல் கணக்கில் உள்ள எந்த எண்ணுக்கும் குறியே விழாது. தாள் சுத்தமாகத் தெரியும், ஒருவருக்கும் சந்தேகம் வராது.

இன்னொன்றும் இருக்கிறது. பொய்யான ‘குறைவு’கள் பத்துப் பதினைந்து ஒரே தாளில் வந்தால், பார்ப்பவர்கள் அந்தக் குறியை நம்புவதை விட்டுவிடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குள் உண்மையாகவே 48-க்கு இறங்கிய ஒருவர் இருந்தால், அவரும் அதோடு அடிபட்டுப் போவார்.

கலப்பு எங்கிருந்து வருகிறது

எங்கள் பக்கத்தில் சீனி அளவைப் பெரும்பாலும் மில்லிகிராமில்தான் சொல்கிறோம். ‘சுகர் இருநூறு’ என்றால் எல்லோருக்கும் விளங்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் சீனி பார்க்கும் மெசின் இருக்கிறதென்றால், அது வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோ சகோதரங்களோ அனுப்பியதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கனடா, பிரித்தானியா, நோர்வே, சுவிற்சர்லாந்து, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் புழங்குவது மில்லிமோல் கணக்கு. அங்கிருந்து வரும் மெசின் 7.9 என்றுதான் காட்டும். ஜேர்மனியில் இரண்டு கணக்கும் உண்டு. இந்தியாவிலிருந்து வருவது மில்லிகிராம்.

பிரான்ஸ் தனிக் கதை. அங்கே வீட்டு மெசின்கள் பொதுவாக மில்லிகிராமில் காட்டும். ஆய்வுகூட அறிக்கையோ ஒரு லீற்றருக்கு இத்தனை கிராம் என்று வரும். 131 mg/dL அங்கே 1.31 g/L. பாரிஸில் மகனோடு ஆறு மாதம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பும் ஒருவர் அந்த அறிக்கையைக் கொண்டுவந்து கிளினிக்கில் காட்டுவார். அதைப் பார்த்து யாரோ 1.31 என்று கொப்பியில் எழுதுவார்கள். அலகை எழுத மாட்டார்கள்.

உள்ளூரிலும் இது நடக்கும். ஒரு தனியார் ஆய்வுகூடம் mg/dL-இல் தரும், இன்னொன்று mmol/L-இல் தரும், வேறொன்று இரண்டையும் ஒரே வரியில் அச்சிடும். கொப்பியில் எழுதுபவர் கண்ணில் முதலில் பட்ட எண்ணை எழுதிவிடுவார்.

தாளை முதலில் இப்படி அமைக்க வேண்டும்

கொப்பியில் இருப்பது இருக்கிறபடியே ஒரு நிரலில் கிடக்க வேண்டும். அதைத் திருத்தவோ, பெருக்கி மாற்றி அதே இடத்தில் எழுதவோ கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. 7.9-ஐ அழித்துவிட்டு அதே பெட்டியில் 142 என்று எழுதிவிட்டால், அது மாற்றப்பட்ட எண்ணா, முதலிலேயே அப்படி இருந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. இன்னொருவர் வந்து இரண்டாம் முறை பெருக்கிவிடவும் இடமுண்டு.

நான் போடும் ஒழுங்கு இது. A நோயாளர் எண், B திகதி. C-இல் கொப்பியில் இருந்த பெறுமதி, D-இல் கொப்பியில் இருந்த அலகு, E-இல் அது எங்கிருந்து வந்தது. இவ்வளவும் பார்த்து எழுதுவது. அதற்குப் பிறகு வருபவை நாம் செய்வது: F சுத்தமான எண், G அந்த எண்ணைப் பார்த்தால் எந்த அலகாகத் தோன்றுகிறது, H நாம் தீர்மானித்த அலகு, I அதற்கான காரணம், J மில்லிகிராமுக்கு மாற்றிய பெறுமதி, K குறி. இந்தத் தாள் சாப்பிடாமல் எடுத்த அளவுகளுக்கு மட்டும். சாப்பிட்ட பிறகு எடுத்தவைக்கு எல்லை வேறு என்பதால் அவற்றைத் தனித் தாளில் வையுங்கள்.

C நிரலை எண்ணாக அல்ல, எழுத்தாக, அதாவது Text என்ற வடிவில் வையுங்கள். எண்ணாக இருந்தால் 7.0 என்று அடித்ததை எக்செல் 7 என்று காட்டும். புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் இருந்தது என்பதே மில்லிமோல் கணக்குக்கு ஒரு சாட்சி. மில்லிகிராம் கணக்கைப் பெரும்பாலும் முழு எண்ணாகத்தான் எழுதுவார்கள். அந்தச் சாட்சியை நாமே அழித்துவிடக் கூடாது.

எழுத்தாக வைக்க இன்னொரு காரணம், எல்லாப் பெறுமதியும் எண்ணாக வராது. வீட்டு மெசின் அளக்கக்கூடிய எல்லையைத் தாண்டினால் HI அல்லது LO என்று காட்டும். பல மெசின்களில் 600 mg/dL-க்கு மேலே போனால் HI. அது அப்படியே கொப்பியிலும் ஏறும். எக்செல் ஒப்பிடும்போது எந்த எழுத்தையும் எந்த எண்ணை விடவும் பெரிதாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே LO என்ற பெட்டியிடம் ‘126-க்கு மேலா’ என்று கேட்டால் ஆம் என்று சொல்லி, சீனி அபாயமாக இறங்கியவருக்குக் ‘கூடுதல்’ என்று குறி போட்டுவிடும். வெறுமையான பெட்டியை அது 0 என்று எடுத்து, சோதனையே செய்யாதவருக்குக் ‘குறைவு’ போடும். அதனால் குறி விதியை ஒருபோதும் C நிரலின் மேல் நேரடியாக எழுதாதீர்கள்.

F நிரலுக்கு இதைப் போடுங்கள்:

```
=IFERROR(VALUE(SUBSTITUTE(TRIM(C2),",",".")),"")
```

எண் இருந்தால் எண் வரும், இல்லாவிட்டால் வெறுமையாக நிற்கும். நடுவில் இருக்கும் SUBSTITUTE எதற்கென்றால், ஐரோப்பாவில் பல நாடுகளில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி போடுவார்கள். 7,4 என்று எழுதியிருந்தால் அது 7.4. யாராவது காற்புள்ளியை வெறுமனே நீக்கிவிட்டால் 74 என்று ஆகிவிடும். 74 mg/dL முழுக்க இயல்பான அளவு, எந்த விதியிலும் மாட்டாது. உண்மையான 7.4 mmol/L-ஓ 133, அதாவது கூடுதல். சீனி அளவில் ஆயிரத்துக்கான காற்புள்ளி வர இடமில்லை என்பதால்தான் இங்கே இப்படி மாற்றுவது பாதுகாப்பு. வேறு சோதனைகளுக்கு, உதாரணமாகக் குருதித் தட்டுகளின் எண்ணிக்கைக்கு, இதே வரியைக் கொண்டுபோகாதீர்கள்.

எண் என்ன சொல்கிறது, எங்கே வாயை மூடுகிறது

சீனி அளவில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. இரண்டு கணக்குக்கும் இடையே 18 மடங்கு வித்தியாசம் என்பதால், கிளினிக்குக்கு நடந்து வரும் ஒருவரின் எண்ணைப் பார்த்தே பெரும்பாலும் அலகை ஊகிக்கலாம். 40-க்கும் 600-க்கும் இடையில் இருந்தால் மில்லிகிராம். 40 mmol/L என்றால் 720 mg/dL. அப்படிப்பட்டவர் கிளினிக் வரிசையில் நிற்பதை விட விடுதியில் படுத்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். 3-க்கும் 20-க்கும் இடையில் இருந்தால் மில்லிமோல். 20 mg/dL-க்குக் கீழே இறங்கிய ஒருவர் பேசிக்கொண்டிருக்க மாட்டார்.

இதை G நிரலில் இப்படி எழுதலாம்:

```
=IF(F2="","?",IF(AND(F2>=40,F2<=600),"mg/dL",
 IF(AND(F2>=3,F2<20),"mmol/L","?")))
```

முக்கியமாக இரண்டு இடங்களில் இது வேண்டுமென்றே கேள்விக்குறியைத் தரும். 20-க்கும் 40-க்கும் இடைப்பட்டது முதலாவது. 28 என்ற எண் மில்லிகிராமாக இருந்தால் சீனி உயிராபத்தான அளவுக்கு இறங்கியிருக்கிறது; மில்லிமோலாக இருந்தால் 504, உயிராபத்தான அளவுக்கு ஏறியிருக்கிறது. இரண்டுக்கும் செய்ய வேண்டியவை நேர் எதிரானவை. இங்கே ஊகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 3-க்குக் கீழே உள்ளவை இரண்டாவது இடம். அது பிரான்ஸ் அறிக்கையின் கிராம் கணக்காக இருக்கலாம், மில்லிமோலில் உண்மையாகவே இறங்கிய சீனியாகவும் இருக்கலாம்.

G நிரல் ஒரு சாட்சி மட்டும்தான். தீர்ப்பு H நிரலில் வர வேண்டும். புதிதாக வருபவர்கள் G-ஐ நேரே பெருக்கலுக்குக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவதை நிறையப் பார்க்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எண்ணைப் பார்த்து அலகைச் சொல்லி, அந்த அலகை வைத்து எண் சரியா என்று பார்த்தால், நாம் எதையும் சரிபார்க்கவில்லை. வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும்: அறிக்கையில் அச்சிட்ட அலகு, அல்லது அந்த ஆய்வுகூடம் வழக்கமாகத் தரும் அலகு, அல்லது அந்த வீட்டு மெசின்.

பத்து வரியை வைத்துச் செய்து பார்ப்போம்

இது நானே அமைத்த மாதிரிப் பட்டியல். ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு வகையும் உண்மையான தாள்களில் வரக்கூடியது.

| வரி | பெறுமதி | அலகு | எங்கிருந்து |
|---|---|---|---|
| 1 | 142 | mg/dL | அரச ஆய்வுகூடம் |
| 2 | 7.9 | – | வீட்டு மெசின் |
| 3 | 96 | mg/dL | அரச ஆய்வுகூடம் |
| 4 | 5.3 | mmol/L | தனியார் ஆய்வுகூடம் |
| 5 | 14.2 | mg/dL | தனியார் ஆய்வுகூடம் |
| 6 | 1.31 | – | வெளிநாட்டு அறிக்கை |
| 7 | 28 | – | வீட்டு மெசின் |
| 8 | 48 | mg/dL | அரச ஆய்வுகூடம் |
| 9 | 7,4 | – | வீட்டு மெசின் |
| 10 | LO | – | வீட்டு மெசின் |

பெறுமதிகளை எண்ணாக வைத்து, அலகைப் பார்க்காமல் நேரடியாகக் குறி போட்டால், 7.9, 5.3, 14.2, 1.31, 28, 48 ஆகிய ஆறுக்கும் ‘குறைவு’ விழும். LO-வுக்குக் ‘கூடுதல்’ விழும். ஒழுங்கான வழியில் என்ன வருகிறது என்று இனிப் பார்ப்போம்.

1, 3, 4, 8 ஆகிய நான்கிலும் எழுதிய அலகும் எண்ணின் சாட்சியும் ஒத்துப்போகின்றன. H-இல் அதே அலகை எழுதி, I-இல் ‘அறிக்கை’ என்று காரணம் போட்டால் போதும்.

இரண்டாம் வரியில் அலகு இல்லை. எண் மில்லிமோல் என்கிறது. கொப்பியில் தொலைபேசி எண் இருந்தால் தாதியிடம் சொல்லி ஒரு அழைப்பு எடுக்கச் செய்யுங்கள். அரை நிமிட வேலை.

“அம்மா, உங்கட சுகர் மெசின் எங்க வாங்கினது?”

“லண்டனில இருந்து மகள் அனுப்பினது, மிஸ்.”

“அதில நம்பருக்குப் பக்கத்தில சின்னதா ஏதும் எழுதியிருக்கோ? ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.”

மெசினின் திரையில் எண்ணின் ஓரத்தில் mmol/L அல்லது mg/dL என்று சிறிய எழுத்தில் இருக்கும். அவர் அதை வாசித்துச் சொன்னதும் H-இல் mmol/L, I-இல் ‘மெசின் பார்த்தது’ என்று எழுதுங்கள். சில பழைய மெசின்களில் அலகை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. அதனால் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேட்டதோடு நின்றுவிடாமல் திரையில் உள்ளதையும் வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்த மாதமும் அதே மெசின் எண்தான் வரும் என்பதால், நோயாளர் எண்ணுக்குப் பக்கத்தில் இதை ஒருமுறை பதிந்துவைத்தால் மறுபடி கேட்கத் தேவையில்லை. ஒன்பதாம் வரியும் இதே வகைதான். கூடுதலாக, அங்கே காற்புள்ளியையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

ஐந்தாம் வரியில் அலகு எழுதியிருக்கிறது, ஆனால் அது எண்ணோடு ஒத்துவரவில்லை. 14.2 mg/dL இருந்தவர் நடந்து வந்து கொப்பியை நீட்டியிருக்க முடியாது. பெரும்பாலும் அலகு நிரலில் mg/dL என்று முன்கூட்டியே நிரப்பி வைத்திருப்பார்கள், எழுதியவர் எண்ணை மட்டும் மாற்றியிருப்பார். அப்படி இருந்தால் இது 256. ஆனால் 142 என்று எழுத வந்தவரின் கையில் ஒரு புள்ளி தவறி விழுந்ததாகவும் இருக்கலாம். 256-உம் 142-உம் இரண்டுமே கூடுதல்தான் என்று விட்டுவிட முடியாது. மருந்து அளவு அதைப் பொறுத்தது. மூல அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்கும்வரை H வெறுமையாகவே இருக்கட்டும். அதே ஆளின் முந்தைய மாத அளவுகள் 240, 261 என்று இருந்தால் உங்கள் சந்தேகம் ஒரு பக்கம் சாயும், ஆனாலும் அதை வைத்து H-ஐ நிரப்ப வேண்டாம்.

ஆறாம் வரியில் 1.31. மில்லிமோலாக எடுத்தால் அது 24 mg/dL. வெளிநாட்டு அறிக்கை என்று E சொல்கிறது. எந்த நாடு என்று கேட்டால் பிரான்ஸ் என்று தெரியவரும். அறிக்கையிலேயே g/L என்று இருக்கும். H-இல் g/L. மாற்றினால் 131.

ஏழாம் வரியையும் பத்தாம் வரியையும் கண்டதும் தட்டச்சு வேலையை அப்படியே நிறுத்திவிட்டுத் திகதியைப் பாருங்கள். இன்று அல்லது நேற்று எழுதியது என்றால், உடனே தாதியிடமோ வைத்தியரிடமோ போய் நேரில் சொல்லுங்கள். தாள் முடியும்வரை வைத்திருக்கக் கூடாது. பழைய திகதி என்றால் அவர் அதற்குப் பிறகு வந்து போயிருக்கிறாரா என்று பாருங்கள். தாளில் இரண்டுக்கும் H வெறுமையாக நிற்கும்.

மாற்றுவதும் வட்டமாக்குவதும்

இப்போது J:

```
=IF(F2="","",IF(H2="mg/dL",ROUND(F2,0),
 IF(H2="mmol/L",ROUND(F2*18.016,0),
 IF(H2="g/L",ROUND(F2*100,0),""))))
```

K:

```
=IF(J2="","கேட்கவும்",IF(J2<70,"குறைவு",
 IF(J2>=126,"கூடுதல்","")))
```

J-இல் உள்ள ROUND அழகுக்காகப் போட்டதல்ல. நீரிழிவுக்கான எல்லைகள் இரண்டு கணக்கிலும் தனித்தனியாக வட்டமாக்கப்பட்டவை. சாப்பிட்டதைப் பாராமல் எந்த நேரத்திலும் எடுக்கும் சோதனைக்கு எல்லை 200 mg/dL, மில்லிமோலில் 11.1. ஆனால் 11.1-ஐ 18-ஆல் பெருக்கினால் 199.8, 18.016-ஆல் பெருக்கினாலும் 199.98. வட்டமாக்காமல் ‘200-உம் அதற்கு மேலும்’ என்று கேட்டால், எல்லையில் சரியாக நிற்கும் ஒருவர் நழுவிப்போவார். முழு எண்ணாக வட்டமாக்கினால் 200 என்று பிடிபடும். சாப்பிடாமல் எடுக்கும் சோதனையில் 7.0 என்பது 126.1 ஆகிறது, அங்கே பிரச்சினை இல்லை. 6.1-க்கும் 110-க்கும் இடையில் மறுபடி இதே தொல்லை வரும்: 109.9.

126 என்பது நோயை இனங்காணும் எல்லை. ஏற்கெனவே மருந்தெடுப்பவர்களுக்கு வைத்தியர் வேறு இலக்கு வைத்திருக்கலாம். குறிக்கு எந்த எண்ணை வைப்பது என்று கிளினிக் வைத்தியரிடம் கேட்டு, அந்த எண்ணைத் தாளின் மேலே எழுதிவையுங்கள்.

மாதிரிப் பட்டியலில் இப்போது வருவது: 142 கூடுதல், 142 கூடுதல், 96, 95, கேட்கவும், 131 கூடுதல், கேட்கவும், 48 குறைவு, 133 கூடுதல், கேட்கவும். ‘குறைவு’ என்ற குறி ஒன்றே ஒன்று, அது உண்மையானது. கேட்க வேண்டியவை மூன்று, அவற்றை யார் கேட்பது என்று பெயர் போட்டு ஒப்படைக்கலாம்.

முடித்த பிறகு பார்க்க வேண்டியவை

J நிரலைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, மேலே உள்ள சில வரிகளையும் அடியில் உள்ள சில வரிகளையும் கண்ணால் பாருங்கள். அலகு பிழைத்த வரிகள் பெரும்பாலும் அந்த இரண்டு ஓரங்களில்தான் போய் ஒதுங்கும். 1,500, 2,000 என்று ஏதாவது தெரிந்தால், மில்லிகிராம் எண்ணை மில்லிமோல் என்று நினைத்துப் பெருக்கியிருக்கிறீர்கள்.

அடுத்து, E நிரலில் உள்ள ஒவ்வொரு மூலத்துக்கும் தனித்தனியாக F-இன் நடு அளவைப் பாருங்கள். ஓர் ஆய்வுகூடத்தின் நடு அளவு 130-ஐ ஒட்டியும் இன்னொன்றினது 7-ஐ ஒட்டியும் இருந்தால் யார் எந்தக் கணக்கில் தருகிறார்கள் என்பது பளிச்சென்று தெரியும். இதை மாதவாரியாகவும் பாருங்கள். புதிய பகுப்பாய்வு இயந்திரம் வந்ததும் ஓர் ஆய்வுகூடம் அலகை மாற்றியிருக்கலாம். மார்ச் வரை மில்லிகிராம், ஏப்ரலிலிருந்து மில்லிமோல் என்று ஒரே மூலத்துக்குள் கோடு விழும். ‘இந்த ஆய்வுகூடம் என்றால் மில்லிகிராம்’ என்று ஒருமுறை எழுதிவிட்டு ஆண்டு முழுவதும் அதை நம்பியிருப்பது அங்கேதான் கவிழும். அப்புறம், ஒரே மூலத்தில் இரண்டு கணக்கும் கலந்து வந்தால், அது அறிக்கையில் இரண்டையும் அச்சிடும் ஆய்வுகூடமாக இருக்கும். அறிக்கைகளை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதே தாளை வேறு சோதனைக்குக் கொண்டுபோகும்போது

18 என்பது குளுக்கோசுக்கு மட்டும் உரிய எண். கொலஸ்ட்ரோலுக்கு 38.67, ட்ரைகிளிசரைட்டுக்கு 88.57. கொலஸ்ட்ரோல் 5.2 mmol/L என்பது 201 mg/dL. அதைத் தெரியாமல் 18-ஆல் பெருக்கினால் 94 வரும். மிக நல்ல கொலஸ்ட்ரோல் என்று தாள் பாராட்டும். ட்ரைகிளிசரைட் 1.7-ஐக் கொலஸ்ட்ரோலின் எண்ணால் பெருக்கினால் 66. சரியான விடை 151. பிழையான விடைகள் எல்லாம் இயல்பான எண்களைப் போலவே தெரிவதால், அடுக்கிப் பார்த்தாலும் கண்ணில் படாது. ஒரு சோதனைக்கு ஒரு தாள், தாளின் தலைப்பில் அதன் பெருக்கெண் என்று வைத்துக்கொள்வதே நல்லது. கிரியேட்டினின் மில்லிமோலில் அல்லாமல் மைக்ரோமோலில் வரும், அங்கே மில்லிகிராமுக்கு மாற்ற 88.4-ஆல் வகுக்க வேண்டும்.

யூரியாவுக்கு வரும்போது G நிரலை அடியோடு எடுத்துவிடுங்கள். யூரியாவில் 1 mmol/L என்பது 6 mg/dL தான். இடைவெளி அவ்வளவு குறுகலாக இருப்பதால், சாதாரணமாக வரக்கூடிய எண்களே இரண்டு பக்கமும் பொருந்தும். 18 என்ற எண்ணை எடுங்கள். மில்லிகிராம் என்றால் அது முழுக்க இயல்பு. மில்லிமோல் என்றால் 108 mg/dL, சிறுநீரகத்தை உடனே பார்க்க வேண்டிய அளவு. இரண்டு பேரும் கிளினிக்குக்கு நடந்தே வரலாம், எண்ணைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, சில அறிக்கைகள் யூரியாவின் நைதரசனை மட்டும் கணக்கிட்டு BUN என்று தரும். அதை யூரியாவாக்க 2.14-ஆல் பெருக்க வேண்டும். யூரியா நிரலில் அறிக்கையின் அலகு இல்லாத எந்த வரிக்கும் K-இல் ‘கேட்கவும்’ தவிர வேறெதுவும் வரக்கூடாது.

HbA1c-யையும் இந்தத் தாளுக்குள் விடாதீர்கள். அது சதவீதத்திலும் வரும், mmol/mol என்ற அலகிலும் வரும், 7.0 சதவீதம் அங்கே 53. mmol என்ற தொடக்கத்தைப் பார்த்துவிட்டு mmol/L என்று நினைத்துப் பெருக்குபவர்கள் உண்டு. அதற்குப் பெருக்கல் மட்டும் போதாது, சூத்திரமே வேறு.

கடைசியாக, கிளினிக்கில் எழுதும் படிவத்தைப் பாருங்கள். பெறுமதிக்கு ஒரு கோடு மட்டும் இருந்தால், அடுத்த முறை அச்சடிக்கும்போது அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் mg/dL, mmol/L என்று இரண்டு சிறு கட்டங்களும், ‘ஆய்வுகூடம் / வீட்டு மெசின்’ என்று இன்னொரு வரியும் போடச் சொல்லுங்கள். கட்டங்களில் எதையும் முன்கூட்டியே நிரப்பி வைக்கக் கூடாது. எழுதுபவர் ஒவ்வொரு முறையும் அறிக்கையையோ மெசினையோ பார்த்துத் தன் கையால் சரி போட வேண்டும்.